படத்தில் நிற்பவர் யார்?

(எமது கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு மலருக்காகப் பழைய படங்களைச் சேர்க்கும் குழுவில் என்னையும் ஒருத்தியாகப் போட்டார்கள். வைத்தியசாலை வேலைக்கு நடுவில் இது இலேசான பொறுப்பு என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன். படங்களை வாங்குவது, ஸ்கான் பண்ணுவது, கீழே பெயர்களைப் போடுவது, அவ்வளவுதானே என்று எண்ணினேன். அந்தப் பெயர் போடும் வேலையில் நான் விட்ட ஒரு பிழையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். மலர் அச்சுக்குப் போவதற்கு முன்னர் அந்தப் பிழையை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஒஸ்லோவில் இருந்து ஒரு தங்கச்சி எனக்கு எழுதியிருந்தார். அவருடைய அம்மா எங்கள் கல்லூரியில் படித்தவர். 1974ஆம் ஆண்டு வலைப்பந்து அணியில் விளையாடியவர். மகள் சிறுபிள்ளையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது வீட்டில் இருந்த அல்பங்களை எடுக்க முடியவில்லை. திரும்பிப் போனபோது வீடும் இல்லை, அல்பங்களும் இல்லை. இங்கே இருக்கும் பல குடும்பங்களுக்கு இது புதுக் கதை அல்ல. அவரிடம் அம்மாவின் அடையாள அட்டைப் படம் மாத்திரம், அதுவும் மங்கலாக, இருந்தது. “அக்கா, அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த படம் ஒன்று எங்கேயாவது இருக்குமா?” என்று கேட்டிருந்தார்.

இருந்தது. எங்கள் பவள விழா மலரில் அந்த வருடத்து வலைப்பந்து அணியின் படம் அரைப் பக்கத்தில் வந்திருந்தது. பின்வரிசையில் ஐந்து பிள்ளைகள் நிற்கிறார்கள். முன்வரிசையில் மூவர் இருக்கிறார்கள்: நடுவில் அதிபர், இரண்டு பக்கமும் அணித்தலைவியும் உபதலைவியும். கீழே “நிற்பவர்கள், இடமிருந்து வலம்” என்று ஐந்து பெயர்கள். இரண்டாவது பெயர் அந்த அம்மாவுடையது. நான் தலைகளை எண்ணினேன், பெயர்களை எண்ணினேன். எட்டுக்கு எட்டுச் சரியாக இருந்தது. இடமிருந்து இரண்டாவதாக நின்ற பிள்ளையின் முகத்தை வெட்டிப் பெருப்பித்து ஒஸ்லோவுக்கு அனுப்பினேன். அந்தத் தங்கச்சி அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, முன்னால் விளக்கும் ஏற்றி, அதைப் படமெடுத்து எங்கள் பழைய மாணவிகள் வட்ஸ்அப் குழுவில் போட்டார். நாங்கள் எல்லோரும் கைகூப்பினோம்.

அன்று இரவு கொழும்பில் இருக்கும் ஒரு அன்ரி எனக்குப் போன் எடுத்தார். “பிள்ளை, என்ர படத்துக்கு ஏன் விளக்கு வைச்சிருக்கினம்? நான் இன்னும் இருக்கிறன்” என்றார்.

இப்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்ரியும் சிரித்தார். எனக்கு அன்று நித்திரை வரவில்லை. தாயின் முகம் நினைவில்லாத ஒரு பிள்ளைக்கு வேறொருவரின் முகத்தைக் கொடுத்து, இதுதான் உன் அம்மா என்று சொல்லியிருக்கிறேன். அந்த முகத்துக்கு அவர் சில நாட்களாக விளக்கும் ஏற்றிவிட்டார்.

இந்தப் பிழை எங்கே நடந்தது? படத்தின் கீழே இருந்த பெயர் வரிசை பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். அன்ரியிடம் கேட்டபோது, “நான் வலப்பக்கத்தில இருந்து இரண்டாவதாக நிண்டனான்” என்றார். பெயர் வரிசையில் அவருடைய பெயர் நான்காவது. ஐந்து பேர் நிற்கும் வரிசையில் வலமிருந்து இரண்டாவது ஆளும் இடமிருந்து நான்காவது ஆளும் ஒருவரே. ஆகவே பெயர் வரிசை அவர் சொன்னதோடு பொருந்துகிறது. ஆனால் படத்தில் அவர் இடமிருந்து இரண்டாவதாக நிற்கிறார். பெயர் வரிசையும் சரி, ஆளின் ஞாபகமும் சரி என்றால், மிஞ்சுவது படம் ஒன்றுதான்.

எக்ஸ்ரே பார்க்கும் எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நெஞ்சுப் படத்தை விளக்குப் பெட்டியில் புறம் மாற்றிச் செருகினால் இருதயம் வலப்பக்கம் இருப்பதுபோலத் தெரியும். உண்மையிலேயே வலப்பக்கத்தில் இருதயம் உள்ளவர்களும் ஒரு சிலர் இருக்கிறார்கள். இது எது என்று சொல்வதற்காகவே படம் எடுக்கும்போது மூலையில் இடது அல்லது வலது என்பதைக் குறிக்கும் ஈய எழுத்து ஒன்றை வைப்பார்கள். முதலில் அந்த எழுத்தைப் பார், பிறகு நோயைச் சொல் என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். குழுப் படத்துக்கு அப்படி ஈய எழுத்து இல்லை. ஆனால் அதே வேலையைச் செய்யும் பொருட்கள் படத்துக்குள்ளேயே இருக்கும்.

அந்தப் பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் மறுபடியும் பார்த்தேன். முதலில் அதிபரின் சேலை. எங்கள் அதிபர் எல்லோரையும் போல முந்தானையை இடது தோளில் போடுபவர். இடது தோள் பார்ப்பவருக்கு வலப்பக்கம் தெரிய வேண்டும். மலரில் முந்தானை பார்ப்பவருக்கு இடப்பக்கம் இருந்தது. குஜராத்திப் பெண்கள் வலது தோளில் முந்தானை போடுவார்கள். எங்கள் அதிபர் அப்படிப் போட்டதை ஒருவரும் கண்டதில்லை.

அடுத்தது பிள்ளைகளின் நெஞ்சில் கட்டியிருந்த துணி. வலைப்பந்தில் ஒவ்வொருவரும் தான் விளையாடும் இடத்தின் எழுத்தை முன்னும் பின்னும் கட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பின்வரிசையில் நான்கு பேரின் எழுத்துகள் கட்டிய கைகளுக்குள்ளும் முன்னால் இருப்பவர்களின் தலைகளுக்குப் பின்னாலும் மறைந்திருந்தன, அல்லது அச்சில் கலங்கிப் போயிருந்தன. நடுவில் நின்ற உயரமான பிள்ளையின் எழுத்து மாத்திரம் வாசிக்கக்கூடியதாக இருந்தது. அதில் “ஏ டபிள்யூ” என்று இருந்தது. வலைப்பந்தில் அப்படி ஒரு இடமே கிடையாது. “டபிள்யூ ஏ” இருக்கிறது, அது விங் அற்றாக். ஏ என்ற ஆங்கில எழுத்தும் டபிள்யூ என்ற எழுத்தும் கண்ணாடியில் பார்த்தாலும் வடிவம் மாறாதவை. அவற்றின் வரிசைதான் மாறும். அதனால்தான் அத்தனை வருடமாக அந்தப் பக்கத்தைப் பார்த்த ஒருவருக்கும் எழுத்துப் புரண்டிருப்பது கண்ணில் படவில்லை. அந்த இடத்தில் ஒரு சி அல்லது ஒரு ஜி இருந்திருந்தால் அச்சுக்கூடத்திலேயே பிடித்திருப்பார்கள்.

ஆக, படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி அச்சாகியிருக்கிறது. நெகற்றிவ்வைப் புறம் மாற்றி வைத்துப் பிரதி எடுத்தாலோ, அச்சுக்கான பிலிமைப் புறம் மாற்றி ஒட்டினாலோ இப்படி நடக்கும். இன்று தொலைபேசியின் முன்பக்கக் கமராவில் எடுக்கும் சில படங்களும் இப்படித்தான் புரண்டு வருகின்றன. இடம் வலம் மாறினால் நடுவில் இருப்பவர் நடுவிலேயே இருப்பார். எங்கள் படத்தில் நடுவில் அதிபர் இருந்தார், பின்னால் நடுவில் அந்த உயரமான பிள்ளை நின்றார். இருவரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அவர்கள் தங்கள் இடத்தில் இருந்ததால் மற்றவர்களும் தங்கள் இடத்தில்தான் இருக்கிறார்கள் என்று எல்லோரும் நம்பிவிட்டோம்.

இத்தோடு நிறுத்தி, “வலமிருந்து இரண்டாவது ஆள்தான் உங்கள் அம்மா” என்று ஒஸ்லோவுக்குத் திருப்பி எழுதியிருக்கலாம். ஒருமுறை சூடு கண்டதால் துணியவில்லை. ஒரு நோயாளிக்கு இரத்தம் ஏற்றுவதற்கு முன் பெயரை மாத்திரம் பார்த்தால் போதாது. பெயரும் பிறந்த திகதியும், அல்லது பெயரும் வைத்தியசாலை இலக்கமும் என்று குறைந்தது இரண்டு அடையாளங்கள் பொருந்த வேண்டும். அந்த இரண்டும் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டவையாக இருக்கக்கூடாது. படத்திலும் அப்படித்தான். பவள விழா மலரின் பெயர் வரிசை 1974ஆம் ஆண்டுக் கல்லூரிச் சஞ்சிகையின் பெயர் வரிசையைப் பார்த்து எழுதப்பட்டது. இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்பதால் அவை இரண்டு சாட்சிகள் ஆகா. ஒரே சாட்சியை இரண்டு முறை கூப்பிட்டதாகத்தான் அர்த்தம்.

ஆகவே மூலப் படத்தைத் தேடினோம். மலரின் பக்கத்தை எவ்வளவு நுணுக்கமாக ஸ்கான் பண்ணினாலும் அச்சுப் புள்ளிகள்தான் பெரிதாகும், புதிதாக ஒன்றும் தெரியாது. ஸ்ரூடியோவில் கழுவிய படம் வேண்டும். அந்த வருடத்து அணித்தலைவியின் குடும்பத்தாரிடம் அது கிடைத்தது. தடித்த மட்டையில் ஒட்டிய படம், பழுப்பேறியிருந்தது, ஆனால் கூர்மை குறையவில்லை. 1200 புள்ளி அளவில் ஸ்கான் பண்ணிப் பார்த்தோம். மலரில் வெட்டப்பட்டிருந்த கீழ்ப்பகுதியில், அதிபரின் காலடியில், “வலைப்பந்து 1974” என்று வெண்கட்டியால் எழுதிய ஒரு சிலேற்றுப் பலகை நேராக, வாசிக்கக்கூடியதாக இருந்தது. இடம் மிச்சம் பிடிக்க அந்தப் பலகையை வெட்டியதால்தான் படம் புரண்டது ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. ஆட்களின் முகம் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்கிறோம். காலடியில் இருக்கும் பலகையையும் அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூலப் படத்தில் பின்வரிசையில் மூவரின் எழுத்துகளை வாசிக்க முடிந்தது. இடமிருந்து இரண்டாவது ஆளுக்கு “ஜி டி”, அதாவது கோல் டிபென்ஸ். நடுவில் “டபிள்யூ ஏ”. நான்காவது ஆளுக்கு “சி”, அதாவது சென்ரர். இப்போது 1974ஆம் ஆண்டுச் சஞ்சிகையில் விளையாட்டு அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். படத்தைப் பார்த்து எழுதியது அல்ல அது. பொறுப்பாசிரியை பருவ முடிவில் எழுதியது. யார் யார் எந்த இடத்தில் விளையாடினார்கள் என்று அதில் பெயர் பெயராக இருக்கிறது. ஒஸ்லோத் தங்கச்சியின் அம்மா கோல் டிபென்ஸ். கொழும்பு அன்ரி சென்ரர். உயரமான பிள்ளை விங் அற்றாக். மூன்றும் மூலப் படத்தின் பெயர் வரிசையோடு பொருந்தின. புரண்ட படத்தின்படி பார்த்தால் நடுவில் நிற்பவர் மாத்திரம் பொருந்துவார், மற்ற இருவரும் பொருந்தமாட்டார்கள்.

எழுத்துத் துணி ஆளுக்குச் சொந்தம் அல்ல, விளையாடும் இடத்துக்குச் சொந்தம் என்பதையும் யோசித்தோம். படத்துக்கு நிற்கும் அவசரத்தில் ஒருவரின் துணியை மற்றவர் கட்டியிருக்கலாம். நானே படிக்கும் காலத்தில் அப்படிக் கட்டியிருக்கிறேன். அதனால் ஒரு துணியை வைத்து ஒரு ஆளைச் சொல்வது ஆபத்து. மூன்று துணிகளும் மூன்று பெயர்களோடும் ஒரே நேரத்தில் பொருந்தும்போதுதான் அதில் பலம் இருக்கிறது. மாணவத் தலைவிகளின் சின்னம், இல்லத் தலைவியின் சின்னம், சாரணியரின் சின்னம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சின்னம் அந்தப் பதவியைச் சொல்லும். அந்த வருடம் அந்தப் பதவியில் யார் இருந்தார் என்பதை வேறொரு ஏட்டில்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கொழும்பு அன்ரியிடம் மூலப் படத்தைக் காட்டினேன், பெயர் ஒன்றும் சொல்லவில்லை. “இதில ஜி டி கட்டினது ஆர் அன்ரி?” என்று மாத்திரம் கேட்டேன். அவர் உடனே பெயரைச் சொன்னார். “நல்லாப் பாயுவாள். அவளைத் தாண்டிப் பந்து போகாது” என்றார். அதைத்தான் ஒஸ்லோவுக்கு எழுதினேன், படத்தோடு சேர்த்து.

பெயர் வரிசைகளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பெண்களின் பெயர்களில் முதலெழுத்து மாறும். பள்ளிக்கூடத்தில் தகப்பனின் முதலெழுத்து, கலியாணத்துக்குப் பிறகு கணவரின் பெயர். புவனேஸ்வரி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். 1962இல் அவர் “எஸ். புவனேஸ்வரி”. பத்து வருடத்தில் அவர் “திருமதி பு. கந்தசாமி”. பள்ளிச் சீருடையில் நிற்கும் பிள்ளையின் படத்துக்குக் கீழே “திருமதி” என்று இருந்தால், அந்தப் பெயர் வரிசை படம் எடுத்த காலத்தில் எழுதப்பட்டது அல்ல, பல வருடம் கழித்து யாரோ ஞாபகத்தில் இருந்து எழுதியது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். அப்படியான வரிசையைக் கூடுதல் கவனத்தோடு வாசிக்க வேண்டும். அதே வேளையில் சேர்விடாப்பில் தேடும்போது கணவரின் பெயரோடு தேடினால் கிடைக்காது. ஒரே வகுப்பில் இரண்டு புவனேஸ்வரி இருந்தால் அந்த ஒரு முதலெழுத்துத்தான் இருவரையும் பிரிக்கும். ஆகவே பெயர் தரும்போது படிக்கும் காலத்தில் இருந்த முதலெழுத்தையும் சேர்த்துத் தாருங்கள் என்று எல்லோரிடமும் கேட்கிறோம்.

பின்னணியில் இருக்கும் எழுத்துகளும் பேசும். எங்களுக்கு வந்த ஒரு சுற்றுலாப் படத்தில் ஒரு ஆசிரியையைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். படத்தைத் தந்த குடும்பம் அவர் 1955இல் ஓய்வுபெற்ற எங்கள் பழைய ஆசிரியை என்று சொன்னது. பின்னால் ஒரு பஸ்சின் மூலை தெரிகிறது. அதில் “இ.போ.ச” என்ற எழுத்து. இலங்கைப் போக்குவரத்துச் சபை 1958 ஜனவரி 1ஆம் திகதிதான் தொடங்கியது. அதற்கு முன் ஓடியவை தனியார் கம்பனி பஸ்கள். ஆகவே படம் 1958க்கு முந்தியதாக இருக்க முடியாது. இதனால் அது அந்த ஆசிரியை அல்ல என்று ஆகிவிடுமா? ஆகாது. ஓய்வுபெற்ற பிறகும் பிள்ளைகளோடு சுற்றுலா போயிருக்கலாம். ஆனால் “1955க்கு முன் எடுத்த படம்” என்று குடும்பம் எழுதித் தந்ததை அப்படியே அச்சிட முடியாது என்பது உறுதி. அந்தப் படத்தை ஆசிரியையின் பெயரோடு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு போடுகிறோம்.

ஒரு பலகையில் புதுப்பெயர் இருந்தால் படம் அந்தப் பெயர் வந்த பிறகு எடுத்தது என்று துணிந்து சொல்லலாம். பழைய பெயர் இருந்தால் எதையும் துணிந்து சொல்ல முடியாது. 1972 மே 22இல் நாடு குடியரசானபோது ஆங்கிலத்தில் சிலோன் என்பது ஸ்ரீ லங்கா ஆயிற்று. தமிழில் அன்றும் இன்றும் இலங்கைதான், ஆகவே ஆங்கிலப் பலகைதான் எங்களுக்கு உதவும். பலகையில் ஸ்ரீ லங்கா என்று இருந்தால் அது 1972 மேக்குப் பிந்தியது. சிலோன் என்று இருந்தால், அந்தப் பலகையைக் கழற்ற ஆள் வரவில்லை என்பதைத் தவிர வேறொன்றும் உறுதியில்லை. எங்கள் விஞ்ஞான ஆய்வுகூடத்துப் பெயர்ப்பலகையை மாற்ற எத்தனை வருடம் சென்றது என்பது இங்கே இருக்கும் ஆசிரியர்களுக்குத் தெரியும்.

இனி, பெயரே இல்லாதவர்களைப் பற்றி. 1971இல் அமெரிக்காவின் வேர்ஜினியாவில் திமிங்கிலங்களைப் பற்றி ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. அங்கு எடுத்த குழுப் படத்தில் 38 பேர் நிற்கிறார்கள். 37 பேர் ஆண்கள். ஒருவர் பெண், கறுப்பினத்தவர், முன்னால் நிற்பவரால் முகம் பாதி மறைந்திருக்கிறது. பெயர் வரிசையில் அடையாளம் தெரியவில்லை என்று எழுதப்பட்டிருந்தது அந்த ஒருவருக்கு மாத்திரம்தான். 2018இல் கேண்டஸ் ஜீன் அண்டர்சன் என்ற ஓவியர் ஒரு சிறுவர் நூலுக்காகத் தகவல் தேடும்போது இதைக் கண்டு, இவர் யார் என்று இணையத்தில் எல்லோரையும் கேட்டார். முதலில் வேறொரு பெண்ணின் பெயரைச் சொன்னார்கள், அது பிழை. அவர் அலுவலக உதவியாளராக இருக்கலாம் என்றும் பேச்சு வந்தது. பிறகு மாநாட்டில் கலந்துகொண்ட ஒருவரின் ஞாபகத்தில் இருந்து ஷீலா என்ற பெயர் வந்தது. அதை வைத்து ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பழைய ஆவணங்களில் தேடினார்கள். ஷீலா மைனர் என்ற பெயர் கிடைத்தது. அவர் உயிரியல் படித்துப் பட்டம் பெற்றவர், அந்த நிறுவனத்தின் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் ஆய்வுத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்தவர். கடைசியில் அவரையே கண்டுபிடித்துக் கேட்டார்கள். ஆம், நான்தான் என்றார்.

அவர்கள் போன ஒழுங்கைக் கவனியுங்கள். ஒருவரின் ஞாபகத்தில் இருந்து ஒரு பெயர் வந்தது, ஆவணத்தில் இருந்து முழுப்பெயரும் வேலையும் வந்தன, அதன் பிறகு அந்த ஆளே உறுதிப்படுத்தினார். முதலில் வந்த பெயரோடு நிறுத்தியிருந்தால் இன்னொருவரின் பெயர் அந்தப் படத்தில் ஏறியிருக்கும். அவர் ஏன் அங்கே நின்றிருப்பார் என்று வெறுமனே ஊகித்திருந்தால் அவருடைய படிப்பும் மறைந்திருக்கும்.

எங்கள் படங்களிலும் இப்படியானவர்கள் இருக்கிறார்கள். விடுதிக் குழுப் படங்களைப் பாருங்கள். ஆசிரியர்களுக்குப் பெயர் உண்டு, பிள்ளைகளுக்குப் பெயர் உண்டு. ஓரத்தில் வெள்ளைச் சேலையில் நிற்கும் ஆயா அம்மாவுக்கு இல்லை. சமையல் அம்மாவுக்கு இல்லை. மணி அடித்த ஐயாவுக்கு இல்லை. பெயர் வரிசையில் பதினெட்டுப் பெயர்கள் இருக்கும், படத்தில் இருபது தலைகள் இருக்கும். பெயர்களை எழுதியவர் விட்டுப்போன அந்த இரண்டு தலைகள் யாருடையவை என்று பார்த்தால் பெரும்பாலும் இவர்கள்தான். பழைய சம்பளப் பதிவுகளில் தேடிச் சிலருடைய பெயர்களைக் கண்டுபிடித்திருக்கிறோம். ஆனால் எந்தப் பெயர் எந்த முகத்துக்கு என்பது விடுதியில் இருந்த உங்களில் சிலருக்குத்தான் தெரியும். இன்று வெளிமண்டபத்தில் அந்தப் படங்களை வைத்திருக்கிறோம். போகும்போது நின்று பார்த்து, தெரிந்தால் சொல்லிவிட்டுப் போங்கள். மற்றவர் சொன்னதைக் கேட்ட பிறகு சொல்லாமல், தனித்தனியே எழுதித் தாருங்கள். இரண்டு பேர் தனித்தனியே ஒரே பெயரை எழுதினால் அதற்கு நாங்கள் கூடுதல் மதிப்புக் கொடுப்போம்.

நூற்றாண்டு மலரில் பெயர்களை மூன்று விதமாகப் போடுகிறோம். இரண்டு தனித்தனிச் சாட்சிகள் உள்ளவர்களின் பெயர் அப்படியே வரும். ஒரு சாட்சி மாத்திரம் உள்ளவர்களின் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி வரும். தெரியாதவர்களுக்கு “பெயர் தெரியவில்லை” என்று வரும். அவர்களையும் வரிசையில் எண்ணுவோம், விட்டுவிட மாட்டோம். உங்கள் பெயருக்கோ உங்கள் அம்மாவின் பெயருக்கோ பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால் கோபிக்க வேண்டாம். நாங்கள் உங்களிடம் கேட்கிறோம் என்பதுதான் அதன் பொருள்.

வீட்டில் இருக்கும் படங்களுக்கு ஒரு சின்ன வேலை. படத்தின் பின்பக்கத்தில் குமிழ்முனைப் பேனாவால் எழுத வேண்டாம். அழுத்தத்தில் எழுத்து முன்பக்கம் புடைத்துத் தெரியும், மையும் நாளடைவில் ஊறும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பிந்திய காலத்து வழுவழுப்பான படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றை ஒரு கடித உறையில் போட்டு, போடுவதற்கு முன்பே உறையின் மேல் எழுதுங்கள். இடமிருந்து வலம் என்று எழுதும்போது பார்ப்பவரின் இடமா நிற்பவரின் இடமா என்று சொல்லுங்கள். பெயரைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். நாளை இன்னொருவர் வேறு பெயர் சொன்னால் எதை நம்புவது என்று முடிவுசெய்ய அந்த ஒரு வரிதான் உதவும்.

ஒஸ்லோவில் சுவரில் இருந்த படம் மாறிவிட்டது. புதுப் படத்தில் அந்தத் தங்கச்சி தன் அம்மாவின் முகத்தை மாத்திரம் வெட்டவில்லை. எட்டுப் பேரும், அதிபரின் காலடியில் இருக்கும் சிலேற்றுப் பலகையும் தெரியும்படி முழுப் படத்தையும் சட்டம் போட்டிருக்கிறார். கொழும்பு அன்ரியும் அதில் நிற்கிறார், தன் இடத்தில், “சி” கட்டிக்கொண்டு. போன மாதம் இருவரும் வீடியோவில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினார்கள். அம்மா எப்படிப் பாய்ந்து பந்தைத் தடுப்பார் என்று அன்ரி எழுந்து நின்று காட்டினாராம்.